ஒவ்வொரு பாலத்தையும் ஒரே ஒரு தடவை கடக்கலாமா?

மாணவர்களே, பின்வரும் வினாவை முதலில் கவனமாக வாசியுங்கள்.

"விசுவமடுவைச் சேர்ந்த மாணவன் ஒருவன் வடபகுதியிலுள்ள பாலங்கள் எல்லாவற்றையும் கடந்து பார்க்க விரும்புகின்றான். எந்தப் பாலத்தையும் இரண்டு தடவை கடக்கக் கூடாது. எந்தப் பாலமும் விடுபடவும் கூடாது. இது இயலுமா?"

உங்களுட் பெரும்பாலானோர் உடனே பென்சிலை எடுத்து, ஒரு வழி சரிவராவிட்டால் இன்னொரு வழி என்று முயன்று பார்ப்பீர்கள். இம்முறையில் ஒரு குறைபாடு உண்டு. வழி கிடைத்தால் விடை கிடைத்துவிடும். கிடைக்காவிட்டால், வழியே இல்லையா அல்லது நாம் இன்னும் கண்டுபிடிக்கவில்லையா என்று தெரியாது. முயன்று பாராமலே "இயலும்" அல்லது "இயலாது" என்று உறுதியாகக் கூற ஒரு முறை வேண்டும். அம்முறையை இங்கு படிப்போம்.

1. இம்முறை பிறந்த கதை

கொனிக்ஸ்பேர்க் என்னும் நகரின் நடுவே பிரிகல் ஆறு ஓடியது. ஆற்றின் நடுவில் ஒரு தீவு இருந்தது. வடகரை, தென்கரை, நடுத்தீவு, கிழக்கு நிலம் என்னும் நான்கு நிலப்பகுதிகளை ஏழு பாலங்கள் இணைத்தன. ஏழையும் ஒவ்வொரு தடவை மட்டும் கடந்து நடக்க முடியுமா என்று அந்நகர மக்கள் கேட்டனர். 1735 ஆம் ஆண்டில் லியோனாட் ஒயிலர் என்னும் கணித அறிஞர் இதற்கு "இயலாது" என விடை கண்டார். அவர் எல்லா வழிகளையும் எழுதிச் சோதிக்கவில்லை. பாலங்களை எண்ணிய முறையிலேயே விடையைக் கண்டார்.

2. வரிப்படமாக மாற்றுதல்

இங்கு நாம் வரையப்போவது, நீங்கள் அறிந்த x, y அச்சுகளைக் கொண்ட வரைபு அன்று. இதில் புள்ளிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளும் மட்டுமே உண்டு. ஒவ்வொரு நிலப்பகுதிக்கும் ஒரு புள்ளியை இடுக. ஒவ்வொரு பாலத்திற்கும் ஒரு கோட்டை வரைக. புள்ளியை உச்சி என்றும் கோட்டை விளிம்பு என்றும் கூறுவர்.

நிலப்பகுதி எவ்வளவு பெரிதாயினும் அதற்கு ஒரே ஒரு புள்ளிதான். விசுவமடுவும் பரந்தனும் கிளிநொச்சியும் ஒரே உச்சியில் அடங்கும். ஏனெனில் நிலத்தின் மேல் எத்தனை தடவையும் விரும்பியவாறு நடக்கலாம். கட்டுப்பாடு பாலத்துக்கு மட்டுமே. பாலத்தின் நீளம், கோட்டின் வளைவு, புள்ளி இருக்கும் திசை என்பனவும் விடையை மாற்றமாட்டா.

எமது வினாவுக்குப் பின்வரும் ஐந்து உச்சிகளை எடுத்துக்கொள்வோம்.

ப - வன்னிப் பெருநிலம்
கு - யாழ்ப்பாணக் குடாநாடு
வே - வேலணைத்தீவு
பு - புங்குடுதீவு
கா - காரைநகர்

இவ்வினாவில் கருதும் வீதி இணைப்புகள் ஐந்து. ரயில் பாதைகளையும் வேறு சிறு வழிகளையும் இங்கு எண்ணுவதில்லை.

(1) ஆனையிறவு: ப - கு
(2) சங்குப்பிட்டிப் பாலம்: ப - கு
(3) பண்ணைப் பாலம்: கு - வே
(4) புங்குடுதீவுப் பாலம்: வே - பு
(5) பொன்னாலைப் பாலம்: கு - கா

கொப்பியில் ஐந்து புள்ளிகளை இட்டு இவற்றை வரைந்துகொள்ளுங்கள். ப, கு என்னும் இரு புள்ளிகளுக்கிடையே இரண்டு கோடுகள் வரும். இரண்டையும் ஒன்றாக்கி ஒரே கோடாக வரைவது மாணவர் விடும் பிழைகளுள் முதன்மையானது.

3. எண்ண வேண்டியது என்ன?

ஓர் உச்சியில் வந்து சேரும் கோடுகளின் எண்ணிக்கை அவ்வுச்சியின் படி எனப்படும். மேலேயுள்ள படத்தில் படிகள் வருமாறு:

ப = 2
கு = 4
வே = 2
பு = 1
கா = 1

இவற்றின் கூட்டுத்தொகை 10. பாலங்கள் 5. ஒவ்வொரு பாலத்துக்கும் இரண்டு முனைகள் இருப்பதால், படிகளின் கூட்டுத்தொகை எப்போதும் பாலங்களின் எண்ணிக்கையின் இரு மடங்காகும். இதைக் கொண்டு உங்கள் எண்ணிக்கையைச் சரிபார்க்கலாம். இதிலிருந்து இன்னொன்றும் பெறப்படுகின்றது. கூட்டுத்தொகை இரட்டை எண் ஆதலால், ஒற்றைப்படி உடைய உச்சிகள் 0, 2, 4 என இரட்டை எண்ணிக்கையிலேயே இருக்கும். உங்களுக்கு ஒன்று அல்லது மூன்று என வந்தால் ஏதோ ஒரு கோடு தவறிவிட்டது, மீண்டும் எண்ணுங்கள்.

4. ஒற்றையும் இரட்டையும் ஏன் முக்கியம்?

நடைப்பயணத்தின் இடையில் ஒரு தீவுக்கு நீங்கள் போகிறீர்கள் என்று கருதுக. ஒரு பாலத்தால் உள்ளே வருவீர்கள். வேறொரு பாலத்தால் வெளியே செல்வீர்கள். ஆகவே ஒரு தடவை வந்து போவதற்கு இரண்டு பாலங்கள் செலவாகின்றன. மீண்டும் வந்து போனால் இன்னும் இரண்டு. இவ்வாறு பாலங்கள் சோடி சோடியாகவே தீரும்.

அத்தீவில் மூன்று பாலங்கள் இருந்தால் என்ன நடக்கும்? இரண்டு சோடியாகிவிடும், ஒன்று தனித்து நிற்கும். அந்தத் தனிப் பாலத்தைக் கடப்பதற்கு இரண்டு வழிகளே உண்டு. பயணம் அத்தீவில் தொடங்க வேண்டும். அல்லது அங்கே முடிய வேண்டும். ஒரு பயணத்துக்குத் தொடக்கம் ஒன்று, முடிவு ஒன்று. எனவே ஒற்றைப்படி உச்சிகள் இரண்டுக்கு மேல் இருக்க இடமில்லை.

இதிலிருந்து பெறப்படும் விதி:

ஒற்றைப்படி உச்சி எதுவும் இல்லையெனில், எங்கு தொடங்கினாலும் எல்லாப் பாலங்களையும் கடந்து தொடங்கிய இடத்துக்கே திரும்பலாம்.

ஒற்றைப்படி உச்சிகள் இரண்டு எனில், அவற்றுள் ஒன்றில் தொடங்கி மற்றதில் முடிக்க வேண்டும்.

ஒற்றைப்படி உச்சிகள் நான்கு அல்லது அதற்கு மேல் எனில், இயலாது.

கொனிக்ஸ்பேர்க்கில் நடுத்தீவின் படி 5. மற்றைய மூன்று நிலப்பகுதிகளின் படி 3 வீதம். நான்கும் ஒற்றை. ஆகவே இயலாது என்றார் ஒயிலர். இரண்டு அல்லது பூச்சியம் ஆயின் வழி நிச்சயமாக உண்டு என்னும் மறுபகுதியின் முழுமையான நிறுவல், கீயர்கோல்சர் என்பவரால் கண்டறியப்பட்டு 1873 இல் வெளியானது.

5. செய்து காட்டிய உதாரணங்கள்

உதாரணம் 1: மேலேயுள்ள ஐந்து பாலங்கள்.

ஒற்றைப்படி உச்சிகள் பு, கா என்னும் இரண்டு மட்டுமே. எனவே இயலும். ஆனால் தொடக்கம் புங்குடுதீவாகவும் முடிவு காரைநகராகவும் இருக்க வேண்டும். மறுதலையாகவும் இருக்கலாம். வழி:

பு → வே → கு → ப → கு → கா

ஆனையிறவால் பெருநிலத்துக்கு வந்து சங்குப்பிட்டியால் திரும்புகிறோம் என்பதை அவதானிக்க. குடாநாட்டை இரண்டு தடவை மிதித்தோம், அது தவறன்று. பெருநிலத்தின் படி இரட்டை ஆதலால் விசுவமடுவில் தொடங்கும் மாணவனுக்கு இந்த ஐந்தையும் முடிக்க வழி இல்லை. இவ்வினாவுக்கு "இயலும்" என்று மட்டும் எழுதுவது அரைவாசி விடையே. எங்கிருந்து இயலும் என்பதையும் எழுத வேண்டும்.

உதாரணம் 2: ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையிலான கடலைக் கடக்கும் மிதவையையும் சேர்த்தல். இதனை எமது மக்கள் "பாதை" என்று அழைப்பர்.

ஊர்காவற்றுறை வேலணைத்தீவில் உள்ளது. ஆகவே வே - கா என ஆறாவது கோடு ஒன்றை வரைக. இப்போது கா = 2, வே = 3. மற்றவை மாறவில்லை. ஒற்றைப்படி உச்சிகள் வே, பு. இயலும், ஆனால் முடிவிடம் மாறிவிட்டது.

பு → வே → கு → ப → கு → கா → வே

இங்கு ஒரு பொறி உண்டு. வேலணையில் தொடங்கும் ஒருவர் முதலிலேயே புங்குடுதீவுப் பாலத்தைக் கடந்தால் அங்கேயே அகப்பட்டுக்கொள்வார். திரும்பி வர வேறு பாலம் இல்லை. எனவே வழியை வரையும்போது, கடந்த பின் மீதிக் கோடுகளிலிருந்து உங்களைத் துண்டித்துவிடும் பாலத்தை, வேறு தெரிவு இருக்கும்வரை எடுக்காதீர்கள்.

உதாரணம் 3: மன்னார்ப் பாலத்தையும் சேர்த்தல்.

மன்னார்த்தீவு ம என்னும் புதிய உச்சி. ப - ம என ஏழாவது கோடு. படிகள்: ப = 3, கு = 4, வே = 3, பு = 1, கா = 2, ம = 1. கூட்டுத்தொகை 14, பாலங்கள் 7, சரி. ஒற்றைப்படி உச்சிகள் ப, வே, பு, ம என நான்கு. எனவே இயலாது. எத்தனை மணித்தியாலம் முயன்றாலும் வழி கிடைக்காது.

6. மறந்துவிடும் நிபந்தனை

படிகளை மட்டும் பார்த்து விடை எழுதுவோர் ஓரிடத்தில் ஏமாறுவர். எல்லாக் கோடுகளும் ஒரே தொடுப்பாக இருக்க வேண்டும் என்பது முதல் நிபந்தனை.

2006 ஓகஸ்டில் ஏ9 வீதி மூடப்பட்டது. சங்குப்பிட்டியில் பாலம் திறக்கப்பட்டது 2011 ஜனவரியிலேயே. குடாநாட்டிலுள்ள உறவினரைப் பார்க்கத் தரைவழி இல்லாத அக்காலத்தை உங்கள் வீட்டுப் பெரியோர் நன்கு அறிவர். அந்நிலையை வரைந்து பாருங்கள். (1), (2) என்னும் கோடுகளை அழியுங்கள். விளக்கத்தை எளிதாக்கப் புங்குடுதீவையும் விட்டுவிடுவோம். இப்போது கு, வே, கா மூன்றும் முக்கோணமாக இணைந்துள்ளன. ஒவ்வொன்றின் படியும் 2. ப, ம இரண்டும் ஒரு கோட்டால் இணைந்துள்ளன. ஒவ்வொன்றின் படியும் 1.

ஒற்றைப்படி உச்சிகள் இரண்டே. விதிப்படி இயலும் போலத் தோன்றும். ஆனால் படம் இரண்டு துண்டுகளாக உள்ளது. மன்னார்ப் பாலத்தில் நிற்பவர் பண்ணைக்குப் போக வழி இல்லை. எனவே விடை: இயலாது. ஆகவே முதலில் தொடுப்பைப் பார்க்க. பின்னர் படிகளை எண்ணுக.

பாலம் ஒன்று உடைவதால் விடை எதிர்ப்பக்கமாக மாறுவதும் உண்டு. 1944 இல் நடந்த குண்டுவீச்சில் கொனிக்ஸ்பேர்க்கின் ஏழு பாலங்களுள் இரண்டு அழிந்தன. ஒன்று நடுத்தீவை வடகரையுடனும் மற்றது தென்கரையுடனும் இணைத்தவை. அவ்விரண்டையும் நீக்கினால் நடுத்தீவு 3, கிழக்கு நிலம் 3, இரு கரைகளும் 2 வீதம். ஒயிலர் இயலாது என்ற நடை, எஞ்சிய ஐந்து பாலங்களில் இயலும்.

7. பயிற்சி

உதாரணம் 3 இலுள்ள படத்தில், மன்னார்த்தீவுக்கும் புங்குடுதீவுக்கும் இடையே ஒரு படகுச் சேவை இருப்பதாகக் கற்பனை செய்க.

(அ) ஒவ்வோர் உச்சியினதும் படியை எழுதுக.
(ஆ) விசுவமடு மாணவன் எட்டு இணைப்புகளையும் ஒவ்வொரு தடவை கடக்க முடியுமா?
(இ) முடியுமெனில் ஒரு வழியைத் தருக.

விடை:
(அ) ப = 3, கு = 4, வே = 3, பு = 2, கா = 2, ம = 2. கூட்டுத்தொகை 16.
(ஆ) படம் ஒரே தொடுப்பாக உள்ளது. ஒற்றைப்படி உச்சிகள் ப, வே மட்டுமே. விசுவமடு ப இல் அடங்குவதால் அங்கிருந்து தொடங்க முடியும். பயணம் வேலணைத்தீவில் முடியும்.
(இ) ப → ம → பு → வே → கு → ப → கு → கா → வே.