சட்டத்தின் ஒரு வரியை நீதிபதி எப்படிப் படிக்கிறார்?

1959-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஒரு கடைக்காரர், பொத்தானை அமுக்கினால் அலகு வெளியே பாயும் கத்தி ஒன்றைக் கடையின் கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருந்தார். பக்கத்திலேயே 4 ஷில்லிங் என்று விலைச்சீட்டு. அத்தகைய கத்திகளை ஒழிப்பதற்காக அதே ஆண்டுதான் புதிய சட்டம் வந்திருந்தது. அவற்றை விற்பதும் ‘விற்க முன்வருவதும்’ குற்றம் என்றது அது. போலீஸ் வழக்குப் போட்டது. ஆனால் கடைக்காரர் விடுதலையானார்.

காரணம் ஒப்பந்தச் சட்டத்தில் இருந்தது. கடையில் பொருளைப் பார்வைக்கு வைப்பது, ‘வந்து கேளுங்கள்’ என்று வாடிக்கையாளரை அழைப்பது மட்டுமே. வாங்குகிறேன் என்று முதலில் முன்வருபவர் வாடிக்கையாளர்தான். அதை ஏற்பதோ மறுப்பதோ கடைக்காரர் விருப்பம். ஆகவே, சட்டம் சொன்ன பொருளில் அவர் ‘விற்க முன்வரவில்லை’. சொல்லுக்கு நிலைபெற்ற பொருள் எதுவோ அதையே எடுத்துக்கொள்ளும் இம்முறைக்கு நேர்பொருள் விதி என்று பெயர். ஃபிஷர் எதிர் பெல் என்ற இந்த வழக்கை இன்றும் சட்டக் கல்லூரிகளில் பாடமாக நடத்துகிறார்கள்.

நேர்பொருள் சில நேரம் சட்டத்தையே செல்லாக்காசாக்கிவிடும். இங்கிலாந்தின் 1861-ஆம் ஆண்டுச் சட்டம், திருமணமானவர் துணை உயிரோடிருக்கும்போது மறுபடி ‘மணந்தால்’ குற்றம் என்றது. 1872-இல் ஆலன் என்பவர் இந்தப் பிரிவில் சிக்கினார். அவர் தரப்பு வாதம் இது: ‘இரண்டாவது திருமணம் எப்படியும் சட்டப்படி செல்லாது; செல்லாத திருமணம் திருமணமே அல்ல; அப்படியானால் நான் மணக்கவே இல்லை.’ இதை ஏற்றால் உலகில் எவருமே அந்தக் குற்றத்தைச் செய்ய முடியாது. எனவே ‘மணத்தல்’ என்பதைத் ‘திருமணச் சடங்கை நடத்திக்கொள்ளுதல்’ என்று நீதிமன்றம் படித்தது, ஆலன் குற்றவாளியானார். இதுதான் பொன் விதி. அபத்தத்தைத் தவிர்க்கத் தேவையான அளவுக்கு மட்டும், அந்தச் சொல் தாங்கக்கூடிய இன்னொரு பொருளுக்கு நகர்வது.

மூன்றாவது, நோக்க விதி. எந்தத் தீமையைப் போக்க இந்தச் சட்டம் வந்தது என்பதையே முதலில் கேட்பது. 2013-இல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்த்த ஜீவனாம்ச வழக்கு இதற்கு நல்ல சான்று. முதல் மனைவி இருப்பதை மறைத்து ஒருவர் இன்னொரு பெண்ணை மணந்தார். உண்மை தெரிந்தபின் அந்தப் பெண் தனக்கும் மகளுக்கும் ஜீவனாம்சம் கேட்டார். இந்து திருமணச் சட்டப்படி இந்தத் திருமணம் செல்லாது, ஆகவே இவர் ‘மனைவி’ அல்ல என்று கணவர் வாதாடினார். நீதிமன்றம் ஏற்கவில்லை. கைவிடப்பட்ட பெண் வறுமையில் விழாமல் காப்பதே அப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆவது பிரிவின் நோக்கம். ஏமாற்றியவரே தன் ஏமாற்றால் ஆதாயம் அடைய விடக்கூடாது. எனவே அந்தப் பிரிவின் தேவைக்கு அவரை மனைவியாகவே கொள்ள வேண்டும் என்று தீர்ப்பளித்தது. முதல் திருமணம் தெரிந்தே மணந்தவருக்கு இந்தச் சலுகை கிடையாது என்று எல்லையையும் வகுத்தது.

அப்படியானால் கத்தி வழக்கிலும் நோக்கத்தைப் பார்த்திருக்கலாமே? பார்த்திருந்தால் கடைக்காரர் தப்பியிருக்க மாட்டார். எந்த விதியை எடுப்பது என்ற கேள்விக்கான விடை இந்த இரு வழக்குகளின் வேறுபாட்டிலேயே இருக்கிறது. கத்திச் சட்டம் தண்டிக்கும் சட்டம். எது குற்றம் என்பதை முன்கூட்டியே தெளிவாகச் சொல்லாமல் ஒருவரைத் தண்டிக்கக் கூடாது; ஐயம் இருந்தால் அதன் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்கு. ஜீவனாம்சப் பிரிவோ நலிந்தவரைக் காக்கும் சட்டம். அங்கே சொல்லை இறுக்கிப் படித்தால் காக்கப்பட வேண்டியவரே வெளியே தள்ளப்படுவார்.

நடைமுறையில் வரிசை இப்படி. முதலில் பிரிவு முழுவதையும் படித்து, சொல்லின் வழக்கமான பொருளை எடுக்க வேண்டும். அது தெளிவாக இருந்து, செயல்படுத்தவும் முடிந்தால் அங்கேயே நிறுத்த வேண்டும். அபத்தமோ இரட்டைப் பொருளோ வந்தால்தான் அடுத்த படி. அப்போதும் அந்தச் சொல் தாங்காத பொருளை அதன்மேல் ஏற்றக் கூடாது. தண்டனைச் சட்டம் என்றால் இறுக்கமாகவும், தொழிலாளர், பெண்கள், குழந்தைகள் நலச் சட்டம் என்றால் நோக்கத்தோடும் படிப்பது நம் நீதிமன்றங்களின் வழக்கம். வரிச் சட்டத்திலும் இறுக்கம்தான். ஆனால் வரிவிலக்கு அறிவிப்பில் ஐயம் எழுந்தால் பலன் அரசுக்கே என்று 2018-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்திருக்கிறது.

சட்டத்தில் விட்டுப்போன சொல்லைச் சேர்ப்பது நீதிபதியின் வேலை அல்ல. பிரிஸ்டல் தீர்ப்புக்குப் பிறகு அந்த வேலையை அதற்கு உரியவர்களே செய்தார்கள். விற்பனைக்காகக் கத்தியைப் பார்வைக்கு வைத்தாலும் குற்றம் என்று 1961-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது.