கலப்பெருக்கச் சுட்டெண்: நோயியல் அறிக்கையில் வரும் ஓர் எண்ணும் அதன் பொருளும்

உடலில் தோன்றிய கட்டியொன்றிலிருந்து சிறு துண்டு எடுக்கப்பட்டு ஆய்வுகூடத்துக்குச் சென்றால், அங்கிருந்து ஓர் அறிக்கை திரும்பி வருகின்றது. மார்பகப் புற்றுநோயாயின் அவ்வறிக்கையின் பிற்பகுதியில் “கீ–67: நூற்றுக்கு 65” என்றவாறு ஒரு வரி காணப்படுவதுண்டு. மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் வீதியிலுள்ள ஒட்டுசுட்டான் போன்ற ஊர்களில், ஆங்கிலத்தில் எழுதப்பட்ட அத்தாளை வீட்டார் வைத்தியரை மறுமுறை காணுமுன்னரே ஆங்கிலம் அறிந்த ஆசிரியரிடமோ, உயர்தர வகுப்பு மாணவரிடமோ காட்டிப் பொருள் கேட்பது இயல்பு. கேட்கப்பட்டவர் அவ்வெண்ணைத் தவறாக விளக்குவாராயின் அதன் விளைவு சிறிதன்று. “உடம்பில் நூற்றுக்கு 65 பங்கை நோய் தின்றுவிட்டது” என்று ஒருவர் கொள்ளலாம். “பிழைப்பதற்கு 35 பங்கே வாய்ப்புண்டு” என்று இன்னொருவர் கணக்கிடலாம். இரண்டும் பிழை. இப்பிழைகளை நம்பிச் சிகிச்சையைக் கைவிட்டவருக்கு அவ்வெண் உண்மையிற் கூறியது வேறொன்றாகும். அது யாதென்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வன்னி விவசாயிகள் அறிந்த ஒரு சோதனையிலிருந்து தொடங்குதல் எளிது. விதைப்புக்கு முன் விதைநெல்லின் தரம் அறிய, நூறு மணிகளை எண்ணி ஈரச் சாக்கில் மடித்து வைத்துச் சில நாட்களின் பின் முளைத்தவற்றை எண்ணுவர். தொண்ணூறு முளைத்திருப்பின் முளைவீதம் தொண்ணூறு. கலப்பெருக்கச் சுட்டெண்ணும் இத்தகையதே. கட்டியிலுள்ள புற்றுநோய்க் கலங்களுள் நூற்றுக்கு எத்தனை, துண்டு எடுக்கப்பட்ட வேளையிற் பெருகும் முயற்சியில் ஈடுபட்டிருந்தன என்பதை அது கூறுகின்றது. முளைவீதம் வயலின் பரப்பைக் கூறாது. அவ்வாறே இச்சுட்டெண் கட்டியின் பருமனையோ, நோய் எவ்வுறுப்புகளுக்குப் பரவியுள்ளது என்பதையோ கூறாது.

ஒரு கலம் இரண்டாவதற்கு முன் சில படிகளைக் கடக்கின்றது. முதலில் வளர்ந்து ஆயத்தமாகின்றது. பின் தன் நிறமூர்த்தங்களிலுள்ள மரபுப்பொருளை இரட்டிப்பாக்குகின்றது. மீண்டும் ஓர் ஆயத்தத்தின் பின் இழையுருப்பிரிவின் மூலம் இரண்டாகின்றது. இவ்வட்டத்துட் புகாது ஓய்ந்திருக்கும் கலங்களும் உள. நுணுக்குக்காட்டியில் நேரே கண்டறியக்கூடியது இறுதிப்படியாகிய இழையுருப்பிரிவு மட்டுமே. அதுவும் குறுகிய நேரமே நீடிப்பதால், வட்டத்துள் இருக்கும் கலங்களிற் பெரும்பாலானவை கண்ணுக்கு ஓய்ந்திருப்பவை போலவே தோன்றும். அவற்றையும் வேறுபடுத்திக் காட்டும் அடையாளமொன்று வேண்டியிருந்தது.

அவ்வடையாளம் 1983ஆம் ஆண்டில் ஜேர்மனியின் கீல் நகரப் பல்கலைக்கழகத்தில் கிடைத்தது. யொகானெஸ் கேர்டெஸ், ஹரால்ட் ஸ்ரைன் முதலியோர், நிணநீர்க்கணுப் புற்றுநோய் ஒன்றின் கலக்கருக்களைக் கொண்டு எலிகளில் பிறபொருளெதிரிகளை உண்டாக்கி ஆராய்ந்தனர். அவற்றுள் ஒன்று, பெருக்க வட்டத்தின் எல்லாப் படிகளிலுமுள்ள கலங்களின் கருவைப் பற்றிக்கொண்டது. ஓய்ந்திருக்கும் கலங்களைத் தொடவில்லை. கீல் நகரின் பெயரும், அப்பிறபொருளெதிரி கிடைத்த குழியின் எண்ணும் சேர்ந்து “கீ–67” என்னும் பெயராயின. தொடக்கத்தில் இது உறையவைத்த இழையங்களிலேயே பயன்பட்டது. 1990களின் தொடக்கத்தில், போமலினில் இட்டுப் பரபின் மெழுகிற் பதித்த இழையத்திலும் வேலைசெய்யும் பிறபொருளெதிரி உருவாகியது. அதனால், தொலைவிலுள்ள வைத்தியசாலையொன்றில் எடுக்கப்பட்ட துண்டும் போமலினிலேயே பயணஞ்செய்து, உரிய ஆய்வுகூடத்தில் இச்சோதனைக்கு உட்படக்கூடியதாயிற்று.

சோதனையின் முறை வருமாறு. மெழுகிற் பதித்த துண்டிலிருந்து மிக மெல்லிய சீவல்கள் எடுக்கப்பட்டுக் கண்ணாடித் தட்டிற் படியவைக்கப்படும். பிறபொருளெதிரி இடப்பட்டபின், அது பற்றிக்கொண்ட கருக்கள் கபிலநிறமாகவும் ஏனையவை நீலநிறமாகவும் தோன்றும்படி நிறமூட்டப்படும். நோயியல் நிபுணர் புற்றுநோய்க் கலங்களை மட்டும் தெரிந்து எண்ணுவார். 500 கலங்களை எண்ணியபோது 325 கலங்களின் கருக்கள் கபிலநிறமாயிருந்தன எனக் கொள்க. 325ஐ 500ஆல் வகுத்து நூறாற் பெருக்கின் 65 வரும். அறிக்கையிற் காணும் எண் இதுவே.

இவ்வெண் எவ்வளவு நம்பத்தக்கது? இடர்கள் இரண்டினை அறிதல் போதும். முதலாவது, துண்டு பேணப்படும் முறை. உடலிலிருந்து நீக்கப்பட்ட துண்டு போமலினில் இடப்படாது நேரங்கழியின், கருவிலுள்ள அப்புரதம் சிதைந்து நிறமேறுவது குறையும். வேகமான கட்டியும் மந்தமானதுபோற் காட்சியளிக்கும். ஆகவே துண்டு எடுத்தவுடன் போதிய போமலினில் இடப்பட்டு, ஆறு மணித்தியாலத்துக்குக் குறையாமலும் மூன்று நாட்களுக்கு மேற்படாமலும் அதில் இருத்தல் வேண்டும் என்பது பொதுவான விதி. இரண்டாவது, எண்ணப்படும் இடம். ஒரே கட்டியின் நான்கு இடங்களில் நூறு நூறாக எண்ணியபோது முறையே 30, 12, 10, 8 கலங்கள் நிறமேறியிருந்தன எனக் கொள்க. சராசரி 15. ஆனால் செறிவான முதலிடத்தை மட்டும் எண்ணியவர் 30 என்று எழுதுவார். எண்ணியவர் இருவரும் பிழைவிடவில்லை. எண்ணிய முறையே வேறுபட்டது.

இதனால் “எத்தனைக்கு மேற்பட்டால் உயர்வு?” என்னும் வினாவுக்குத் தனியொரு விடை கிடைத்திலது. மார்பகப் புற்றுநோய் பற்றிச் சுவிற்சர்லாந்தின் சென் கலன் நகரிற் கூடிய நிபுணர்கள் 2011இல் 14 என்னும் எல்லையைக் குறித்தனர். 2013இல் 20 என்பது பெரும்பாலோர் கருத்தாயிற்று. ஓமோன் வாங்கிகள் உள்ள, ஆரம்பநிலை மார்பகப் புற்றுநோயில் 5 அல்லது அதற்குக் குறைந்த எண்ணையும், 30 அல்லது அதற்கு மேற்பட்ட எண்ணையுமே நம்பித் தீர்மானிக்கலாம் என்று சர்வதேசக் குழுவொன்று 2021இற் கூறியது. இடைப்பட்ட எண்களில் 14க்கும் 18க்கும் உள்ள வேறுபாட்டைக் கண்டு மகிழ்வதற்கோ கலங்குவதற்கோ இடமில்லை. மேலும் எல்லை உறுப்புக்கு உறுப்பு வேறுபடும். குடலிலும் சதையியிலும் தோன்றும் நரம்பகச் சுரப்புக் கட்டிகளில் 3க்குக் குறைந்தவை முதலாந் தரமாகவும், 3 முதல் 20 வரையுள்ளவை இரண்டாந் தரமாகவும், 20க்கு மேற்பட்டவை மூன்றாந் தரமாகவும் கொள்ளப்படுகின்றன. ஆகவே ஓர் அறிக்கையின் எண்ணை வேறொரு நோயினது அறிக்கையோடு ஒப்பிடுதல் பொருந்தாது.

இனி, உயர்ந்த எண் உணர்த்துவது யாது? அதற்கு இரு முகங்கள் உள. பெருகும் கலங்கள் மிகுந்த கட்டி, வாளாவிருந்தால் விரைந்து வளரும். பிற இடங்களிற் படியும் ஆபத்தும் மிகும். இது முதலாவது முகம். இரசாயனச் சிகிச்சைக்குரிய மருந்துகளிற் பல, பெருகும் நிலையிலுள்ள கலங்களையே சிறப்பாகத் தாக்குகின்றன. எனவே அத்தகைய கட்டி மருந்துக்கு இலக்காதலும் மிகும். இது மற்றைய முகம். வயலில் முளைத்த களையைக் களைகொல்லி அழிக்கும். மண்ணுள் முளையாது கிடக்கும் களைவிதையை அது அழிப்பதில்லை. ஓய்ந்திருக்கும் புற்றுநோய்க் கலங்களும் அங்ஙனமே மருந்துக்குத் தப்பிக் கிடப்பதுண்டு.

இதனைத் தெளிவாக்க இரு அறிக்கைகளை ஒப்பிடுதல் நன்று. முதலாவது பெண்மணியின் மார்பகக் கட்டி 18 மில்லிமீற்றர், ஓமோன் வாங்கிகள் உள்ளன, ஹெர்–2 இல்லை, நிணநீர்க்கணுக்களில் நோயில்லை, கீ–67 நூற்றுக்கு 8. இரண்டாமவரின் கட்டி 24 மில்லிமீற்றர், கணுக்களில் நோயில்லை, ஓமோன் வாங்கிகளும் ஹெர்–2உம் இல்லை, கீ–67 நூற்றுக்கு 65. முதலாமவருக்குச் சத்திரசிகிச்சையும், ஐந்தாண்டுகளோ அதற்கு மேலோ உட்கொள்ளும் ஓமோன் எதிர்ப்பு மாத்திரையும் முதன்மையானவை. மந்தமான அக்கட்டியில் இரசாயனச் சிகிச்சையாற் பெறும் பயன் சிறிது. இரண்டாமவருக்கு இரசாயனச் சிகிச்சை இன்றியமையாதது. அது பெரும்பாலும் சத்திரசிகிச்சைக்கு முன்னரே தொடங்கப்படும். சில மாதங்களின் பின் சத்திரசிகிச்சை செய்கையிற் கட்டியும் கணுக்களும் நோயற்றிருப்பதாக நோயியல் நிபுணர் கண்டால், அவரது எதிர்காலம் பெரிதும் நல்லதாகும். மேலும், இரண்டாமவருக்கு நோய் மீளும் ஆபத்து முதல் மூன்று ஆண்டுகளில் மிகுந்து, ஐந்தாண்டுகளின் பின் வெகுவாகக் குறையும். முதலாமவருக்கோ ஆபத்துச் சிறிதாயினும், பத்தாண்டுகளின் பின்னருங்கூட முற்றாக நீங்குவதில்லை. அதனால் அவர் நலமாயிருப்பதாக எண்ணி மாத்திரையை இடையில் நிறுத்துதல் தவறு.

வேகமும் குணமாதலும் ஒருங்கே நிற்கும் என்பதற்குப் பேர்கிற் நோய் சிறந்த சான்று. உகண்டாவின் கம்பாலா நகரிற் பணியாற்றிய சத்திரசிகிச்சையாளர் டெனிஸ் பேர்கிற், ஆபிரிக்கச் சிறுவரின் தாடைகளில் விரைந்து வளரும் கட்டிகளை 1958இல் விவரித்தார். அந்நோயில் கீ–67 ஏறத்தாழ நூறாகும். ஓரிரு நாளிற் கட்டி இருமடங்காகக்கூடும். எனினும் 1960களில், சைக்கிளோபொஸ்பமைட் என்னும் மருந்தைச் சில முறையே பெற்ற சிறுவர் சிலரிற் கட்டி முற்றாகக் கரைந்தது. இன்று வசதியுள்ள வைத்தியசாலைகளில் இந்நோயுற்ற சிறுவரிற் பெரும்பாலோர் குணமடைகின்றனர். ஆனால் எல்லாப் புற்றுநோய்களும் இங்ஙனம் மருந்துக்கு இணங்குவதில்லை. வேகம் மிக்கிருந்தும் மருந்தை எதிர்த்து நிற்பவையும் உள. அதனாலேயே இவ்வெண் நோயின் வகை, பருமன், பரவல், வாங்கிகள் ஆகியவற்றோடு சேர்த்து நோக்கப்படுகின்றது.

உயர்ந்த எண்ணைக் கண்டவிடத்து உடனே உணரத்தக்கது காலத்தின் அருமை. பரிசோதனைகளுக்காகச் செல்லும் சில நாட்கள் தீங்கு விளைப்பதில்லை. ஆனால் காலபோக அறுவடை முடியட்டும், பிள்ளையின் பரீட்சை முடியட்டும் என மாதங்களைக் கடத்துதல், மந்தமான கட்டியைவிட இக்கட்டியிற் பன்மடங்கு கேடாகும். ஒட்டுசுட்டானிலிருந்து தெல்லிப்பழைக்கோ மகரகமைக்கோ சிகிச்சைக்காகப் பலமுறை செல்வது எளிதன்று. இடையில் ஒரு தவணை தவறினால் எஞ்சிய கலங்கள் மீளப் பெருகுதற்கு இடங்கிடைக்கும். எனவே அறிக்கையை வாசித்துப் பொருள் கூறுமாறு கேட்கப்படுபவர் கூறவேண்டியது இவ்வளவே: இவ்வெண் நோயின் வேகத்தைக் குறிக்கின்றது, நோயாளியின் ஆயுளையன்று, உயர்ந்திருப்பின் மருந்து பயன்படும் வாய்ப்பும் உண்டு, தாமதிக்க நேரமில்லை, நோயின் வகையும் நிலையும் யாவை, சிகிச்சை எந்நாளில் தொடங்கும் என்பவற்றை இவ்வாரமே வைத்தியரிடம் நேரிற் கேட்டறிக.