உஷார்! அந்த 77 சதவீதத்தை நம்பி ஆஃபர் அள்ளி வீசாதீர்கள்

மாத முடிவில் ஹெச்.ஆர். டீம் அனுப்பும் ஆட்சேர்ப்பு அட்டவணை உங்கள் மேஜைக்கு வருகிறதா? எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்கு இன்டர்வியூ நடந்தது, எத்தனை ஆஃபர் கொடுத்தோம், எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று பணிவாரியாகப் போட்டு, கடைசிப் பத்தியில் உதிர்வு சதவீதத்தைச் சிவப்பிலோ பச்சையிலோ காட்டும் அட்டவணை. சிவப்பைப் பார்த்துப் பதறி ஏதாவது முடிவெடுப்பதற்கு முன்னால் ஒரு நிமிடம் நில்லுங்கள். அந்தச் சிவப்பு பெரும்பாலும் பொய். அதைவிட மோசம், பக்கத்தில் இருக்கும் பச்சையும் பொய்யாக இருக்கலாம்.

கற்பனையான ஒரு ஏப்ரல் மாத அட்டவணை இது. எண்கள் என்னுடையவை என்றாலும், இதே அச்சில் வார்த்த அட்டவணைகள் எல்லா ஊர் ஐ.டி. கம்பெனிகளிலும் மாதாமாதம் சுற்றுகின்றன.

| பணி | விண்ணப்பம் | இன்டர்வியூ | ஆஃபர் | சேர்ந்தவர் | ஆஃபருக்குப் பின் உதிர்வு |
|---|---|---|---|---|---|
| ஜாவா டெவலப்பர் | 600 | 120 | 30 | 7 | 77% |
| டெஸ்டிங் | 250 | 60 | 10 | 12 | 0% |
| கஸ்டமர் சப்போர்ட் | 400 | 150 | 50 | 45 | 10% |
| மொத்தம் | 1250 | 330 | 90 | 64 | 29% |

ஜாவா வரிசையில் 30 பேருக்கு ஆஃபர் கொடுத்து 7 பேர்தான் வந்தார்கள் என்று படித்தால் வயிற்றைக் கலக்கும். ஆனால் நம் ஊரில் அனுபவமுள்ள ஐ.டி. ஆள் ஒருவர் வேலையை விட்டு வெளியே வர 90 நாள் நோட்டீஸ் பீரியட் என்பது சகஜம். ஏப்ரலில் ஆஃபர் வாங்கியவர் அன்றே பேப்பர் போட்டாலும் ஜூலையில்தான் உங்கள் வாசலுக்கு வருவார். அப்படியானால் ஏப்ரலில் சேர்ந்த அந்த ஏழு பேர் யார்? ஜனவரியில் ஆஃபர் வாங்கியவர்கள். ஜனவரியில் கொடுத்தது 10 ஆஃபர் என்று வைத்துக்கொள்வோம். பத்தில் ஏழு பேர் வந்திருக்கிறார்கள்; உதிர்வு 30 சதவீதம், அவ்வளவுதான். அட்டவணையோ ஜனவரி ஆட்களை ஏப்ரல் ஆஃபரால் வகுத்து 77 என்று அலறுகிறது. தையில் அறுத்த நெல்லை, தையில் விதைத்த விதையோடு ஒப்பிட்டு மகசூல் பார்ப்பதுபோல.

எண் தப்பு என்பதோடு விஷயம் முடிந்தால் நான் இவ்வளவு சத்தம் போட மாட்டேன். அதற்கு அடுத்து நடப்பதுதான் ஆபத்து. புராஜெக்டுக்கு 20 ஜாவா ஆட்கள் தேவை. ஏப்ரலில் கொடுத்த 30 ஆஃபர், உண்மையான 70 சதவீதப்படி, ஜூலையில் 21 பேரைக் கொண்டுவந்துவிடும். வேலை முடிந்தது. ஆனால் ரிவ்யூவில் டெலிவரி மேனேஜர் சிவப்புக் கட்டத்தைப் பார்க்கிறார். "நூத்துக்கு இருபத்திமூணு பேர்தான் வராங்கன்னா, இருபது பேருக்கு எவ்வளவு ஆஃபர் கொடுக்கணும்?" யாரோ கால்குலேட்டரைத் தட்டி "எண்பத்தேழு சார்" என்கிறார்கள். "அப்ப மே மாசம் இன்னும் ஐம்பத்தேழு ரிலீஸ் பண்ணுங்க." பண்ணுகிறார்கள். ஜூலையில் 21, ஆகஸ்டில் 40. இருபது நாற்காலிக்கு 61 பேர்.

இந்த இடத்தில்தான் நாம் அடிக்கடி கேள்விப்படும் அந்த மின்னஞ்சல் கிளம்பும்: வணிகச் சூழல் காரணமாகத் தங்கள் பணிச்சேர்க்கை ஒத்திவைக்கப்படுகிறது என்று. அதைப் பெறுபவர் ஏற்கெனவே ராஜினாமா கொடுத்து, நோட்டீஸில் பாதியைக் கடந்து, கையில் இருந்த மற்ற ஆஃபரையும் வேண்டாம் என்று சொல்லியிருப்பார். பழைய கம்பெனி அவரைத் திரும்ப எடுத்துக்கொண்டால் அது அவர் அதிர்ஷ்டம். ஒரு வகுத்தல் கணக்கின் கீழ் எண் மாறியதற்கு அவர் விலை கொடுக்கிறார்.

இனி டெஸ்டிங் வரிசைக்கு வாருங்கள். ஆஃபர் 10, சேர்ந்தவர் 12. கொடுத்ததைவிட வந்தது அதிகம்! இதைவிடத் தெளிவான துப்பு வேண்டாம். அட்டவணை வேறு வேறு மாதத்து ஆட்களைக் கலந்து வகுக்கிறது என்று தானே ஒப்புக்கொள்கிறது. ஆனால் உதிர்வுக் கட்டத்தில் மைனஸ் 20 என்று வராமல் பச்சையாக 0 என்று இருக்கிறதே, எப்படி? அந்தக் கட்டத்தை க்ளிக் செய்து பாருங்கள். அநேகமாக இப்படி ஒன்று இருக்கும்:

```
=MAX(0, 1-E3/D3)
```

என்றைக்கோ யாரோ மைனஸ் வந்ததைப் பார்த்து, அசிங்கமாக இருக்கிறதே என்று அதைப் பூஜ்யமாக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த மைனஸ்தான் தீயணைப்பு மணி. அதன் வயரைப் பிடுங்கிவிட்டார்கள். டெஸ்டிங்குக்கு ஜனவரியில் 16 ஆஃபர் போயிருந்தால், 12 பேர் வந்ததில் உண்மை உதிர்வு 25 சதவீதம். ஆட்கள் நழுவிக்கொண்டிருக்கிறார்கள், அட்டவணை பச்சை காட்டுகிறது. பொதுவாகவே இந்தப் பிழைக்கு ஒரு குணம் உண்டு: ஆள் எடுப்பதைக் கூட்டும் மாதங்களில் நிலைமையை மோசமாகவும், குறைக்கும் மாதங்களில் பிரமாதமாகவும் காட்டும். அதாவது, தப்பு முடிவெடுக்க மிகத் தோதான நேரத்தில் தப்பாகக் காட்டும்.

கஸ்டமர் சப்போர்ட் வரிசை ஏறத்தாழச் சரி. அங்கே பதினைந்து நாளில் வந்து சேர்ந்துவிடுவார்கள், மாதமும் மாதமும் பெரிதாக மோதாது.

இந்த மூன்றையும் கூட்டி வரும் மொத்த வரிசை, 29 சதவீதம், எதற்கும் பயன்படாது. மாதக் கலப்பைச் சரிசெய்த பிறகும் பயன்படாது என்பதுதான் பலர் கவனிக்காதது. வேறொரு கற்பனைக் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். முதல் காலாண்டில் சப்போர்ட்டுக்கு 80 ஆஃபர், 72 பேர் வந்தார்கள். ஜாவாவுக்கு 20 ஆஃபர், 10 பேர் வந்தார்கள். மொத்தம் நூற்றுக்கு 82. அடுத்த காலாண்டில் சப்போர்ட்டுக்கு 20 ஆஃபர், 19 பேர். ஜாவாவுக்கு 80 ஆஃபர், 44 பேர். மொத்தம் நூற்றுக்கு 63. ஹெச்.ஆர். தலையை உருட்டிவிடுவார்கள். ஆனால் பிரித்துப் பாருங்கள்: சப்போர்ட் 90-லிருந்து 95-க்கு ஏறியிருக்கிறது, ஜாவா 50-லிருந்து 55-க்கு. இரண்டிலும் முன்னேற்றம், மொத்தத்தில் சரிவு. கடினமான பணிக்கு அதிகம் ஆள் தேடியதுதான் அவர்கள் செய்த குற்றம்.

இது புள்ளியியலில் பழைய பொறி. 1973-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக மேற்படிப்புச் சேர்க்கையில் ஆண்களில் சுமார் 44 சதவீதமும் பெண்களில் சுமார் 35 சதவீதமும் இடம் பெற்றார்கள். மொத்தக் கணக்கு பெண்களுக்கு எதிரான பாரபட்சம் போலத் தெரிந்தது. துறைவாரியாகப் பிரித்தபோது அந்தச் சித்திரம் கலைந்துபோனது. யாருக்குமே இடம் கிடைப்பது கடினமான துறைகளுக்குப் பெண்கள் அதிகம் விண்ணப்பித்திருந்தார்கள். 1975-இல் சயின்ஸ் இதழில் வந்த அந்த ஆய்வு இன்றும் பாடமாக நடத்தப்படுகிறது. நம் மாதாந்திர ரிவ்யூக்களுக்கு மட்டும் அது இன்னும் வந்து சேரவில்லை.

சரி, அட்டவணையை எப்படித்தான் போடுவது? ஆஃபர் கொடுத்த மாதத்தைப் பிடித்துக்கொண்டு, அந்த மாதத்து ஆட்களைக் கடைசிவரை பின்தொடர வேண்டும். அதற்கு ஆளுக்கு ஒரு வரி என்று மூலத் தாள் இருந்தால் போதும்: பெயர், பணி, விண்ணப்பித்த தேதி, இன்டர்வியூ தேதி, ஆஃபர் தேதி, சேர்ந்த தேதி, சேராமலே விலகியிருந்தால் விலகிய தேதி. தாளின் பெயர் Data, பணி B-யில், ஆஃபர் தேதி E-யில், சேர்ந்த தேதி F-இல், விலகிய தேதி G-யில் என்றால், 2025 ஜனவரியில் ஆஃபர் வாங்கி, எப்போது சேர்ந்திருந்தாலும் சேர்ந்தவர்களின் எண்ணிக்கை இது:

```
=COUNTIFS(Data!B:B,A2,
 Data!E:E,">="&DATE(2025,1,1),
 Data!E:E,"<"&DATE(2025,2,1),
 Data!F:F,">0")
```

கடைசி வரியில் F-க்குப் பதில் G போட்டால் விலகியவர்கள். ஆஃபரிலிருந்து இந்த இரண்டையும் கழித்தால் மிஞ்சுவது, வழக்கமான அட்டவணையில் இல்லவே இல்லாத பத்தி: காத்திருப்பவர்கள். நம் ஏப்ரல் ஜாவா ஆட்கள் முப்பது பேரில் பெரும்பாலோர் இருக்க வேண்டிய இடம் அதுதான். அவர்கள் உதிரவில்லை, வந்துகொண்டிருக்கிறார்கள். இதில் ஒரே ஒரு ஓட்டை உண்டு. சேர்வதாகச் சொன்ன தேதியில் வராமல், போனையும் எடுக்காமல் மறைந்துபோகிறவர்களுக்கு யாரும் விலகிய தேதி எழுத மாட்டார்கள். அவர்கள் காத்திருப்பில் நிரந்தரமாகக் குடியிருப்பார்கள். ஒப்புக்கொண்ட தேதி கடந்து ஒரு வாரத்தில் வரவுமில்லை, புதுத் தேதி கேட்கவுமில்லை என்றால் விலகியவர் என்று எழுதிவிட வேண்டும் என்று ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்.

"இப்படிப் பார்த்தால் ஏப்ரல் நிலவரம் ஆகஸ்டில்தானே தெரியும், அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருப்பதா?" என்று மேனேஜர் கேட்பார். நியாயமான கேள்வி. ஒரே வயதில் வைத்து ஒப்பிடுங்கள். ஜனவரி ஆஃபர்கள் 10-இல், முதல் முப்பது நாளுக்குள் விலகியவர் ஒருவர். ஏப்ரல் ஆஃபர்கள் 30-இல், அதே முப்பது நாளுக்குள் மூன்று பேர் விலகியிருந்தால் பழைய போக்குதான், நிம்மதியாகத் தூங்கலாம். ஒன்பது பேர் விலகியிருந்தால் அது நிஜ அபாயம்: பழைய கம்பெனி கவுன்டர் ஆஃபர் கொடுத்துப் பிடித்து வைக்கிறது, அல்லது இன்னொரு கம்பெனி நோட்டீஸை பையவுட் செய்து சீக்கிரம் இழுக்கிறது. அந்த ஒன்பது பேரையும் கூப்பிட்டுக் காரணம் கேட்க மே மாதமே நேரம் இருக்கிறது. பத்து பேர் என்பது சின்ன எண், அதில் ஒருவர் மாறினால் பத்து சதவீதம் ஆடும் என்பதையும் மறக்காதீர்கள். சதவீதத்தின் பக்கத்தில் 1/10, 9/30 என்று எண்களையும் எழுதிவிடுவது நல்லது.

விண்ணப்பப் பத்தியிலும் அழுக்கு உண்டு. ஒரே ஆள் வேலைத் தளம் வழியாக ஒரு முறை, கன்சல்டன்சி வழியாக இன்னொரு முறை வந்திருப்பார். மூன்று ரவுண்டு இன்டர்வியூவை மூன்று பேர் என்று எண்ணியிருப்பார்கள். செல்போன் எண்ணை வைத்துத் தலைகளை எண்ணினால் சரியாகிவிடும். இதற்காக யாரும் ஆஃபர் கடிதத்தைத் திரும்ப வாங்கப்போவதில்லை. ஆனால் இன்டர்வியூ 120, ஆஃபர் 30 என்பதையும் உதிர்வு 75 சதவீதம் என்று சிவப்படித்திருந்தால் கேளுங்கள்: அந்த 90 பேரில் நாம் வேண்டாம் என்றவர்கள் எத்தனை, நம்மை வேண்டாம் என்றவர்கள் எத்தனை? முன்னது நம் தேர்வு, பின்னதுதான் கசிவு. இரண்டையும் ஒரே கட்டத்தில் போட்ட அட்டவணையை வைத்து இன்டர்வியூ எடுப்பவர்களை "கொஞ்சம் லிபரலா இருங்க" என்று நெருக்கினால், தகுதியில்லாதவர் உள்ளே வருவார், சதவீதம் அழகாகிவிடும்.

இந்த மாத ரிவ்யூ இன்னும் நடக்கவில்லை என்றால், உதிர்வுக் கட்டங்களை ஒவ்வொன்றாகத் திறந்து MAX, IFERROR இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் எடுத்துவிடுங்கள். ஏதாவது ஒரு பணியில் மைனஸ் எட்டிப்பார்த்தால், அந்த அட்டவணையை வைத்து ஒரு ஆஃபரைக்கூடக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.