"ஸ்க்ரீன்ஷாட் இருக்கு மச்சி"ன்னு சொன்னான். ஆனா அதுல தேதியே இல்லை!

என் காலேஜ் நண்பன் ஒருத்தன், ஓ.எம்.ஆர்ல ஐ.டி. வேலை. போன வருஷம் மார்ச் 3ஆம் தேதி ஒரு ஆன்லைன் கோர்ஸ்ல சேர்ந்தான். ஃபீஸ் 72,000 ரூபாய். மாசம் 6,000 வீதம் 12 இஎம்ஐ. "ஏழு நாளைக்குள்ள வேண்டாம்னு சொன்னா முழுப் பணமும் ரீஃபண்ட்" என்று விற்கும்போது சொன்னார்கள்.

மார்ச் 8, சனிக்கிழமை காலை 11.20க்கு அந்த கம்பெனியில இருந்தே கால் வந்தது. "எனக்கு செட் ஆகல, கேன்சல் பண்ணிடுங்க"ன்னு நாலு நிமிஷம் பேசியிருக்கான். கொஞ்ச நேரத்துல வாட்ஸ்அப்ல "Request noted sir, we will process" என்று மெசேஜும் வந்தது. இவனும் நிம்மதியா இருந்துட்டான்.

மார்ச் 14ஆம் தேதி "ரீஃபண்ட் எப்போ?" என்று மெயில் போட்டான். வந்த பதில் இதுதான்: "உங்க கேன்சல் கோரிக்கை எங்களுக்குக் கிடைத்ததே 14ஆம் தேதிதான். ஏழு நாள் முடிந்துவிட்டது." பதறிப்போய் வாட்ஸ்அப்பைத் திறந்தால், அந்த மெசேஜ் இருந்த இடத்தில் "This message was deleted" என்று இருக்கிறது.

72,000 ரூபாயும் இப்போ ஒரே ஒரு கேள்வியில தொங்குது. 8ஆம் தேதி அவன் கேன்சல் சொன்னானா, இல்லையா?

அந்த ஸ்க்ரீன்ஷாட் ஏன் உதவல?

மெசேஜ் வந்த அன்னைக்கே ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தான். ஆனால் அந்தப் படத்துல மேலே "கோர்ஸ் மேடம்" என்று அவன் சேவ் செய்த பெயர் இருக்கு, நம்பர் இல்லை. தேதி இருக்க வேண்டிய இடத்துல "Today" என்று இருக்கு. போதாததுக்கு, பார்க்க அழகா இருக்கட்டும்னு மேலேயும் கீழேயும் க்ராப் செய்திருந்தான்.

யார் சொன்னது, எப்போ சொன்னது, என்ன சொன்னது: ஒரு ஆதாரம் இந்த மூணுக்கும் பதில் சொல்லணும். அவன் படம் கடைசிக் கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்லுது. எதிர்த்தரப்பு "இது எங்க நம்பரே இல்லை"ன்னு சொன்னா, அதோட முடிஞ்சது.

சரியா எடுக்கறது கஷ்டமே இல்லை. முதல்ல அந்த சாட்டின் ப்ரொஃபைல் பக்கத்தைத் திறந்து, நம்பர் தெரியுற மாதிரி ஒரு படம். அடுத்து, க்ராப் செய்யாத முழு சாட் படம். தேதி இடத்துல "Today" இருந்தா, அந்த மெசேஜை அழுத்திப் பிடித்து காபி செய்து உங்களுக்கே ஒரு மெயில் போட்டுடுங்க. அந்த மெயில்ல தேதி பதிவாகிடும். ரெண்டு நாள் கழிச்சு இன்னொரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்தா "Today" போய் கிழமையோ தேதியோ வந்திருக்கும். ஆனா அதுவரைக்கும் காத்திருந்து முதல் படத்தை எடுக்காம விட்டுடாதீங்க. வாட்ஸ்அப்ல அனுப்பினவர் சுமார் ரெண்டரை நாள் வரைக்கும் மெசேஜை எல்லாருக்குமே அழிக்க முடியும்.

இதைவிட நல்லது ஸ்க்ரீன் ரெக்கார்டிங். ப்ரொஃபைல்ல ஆரம்பிச்சு, நம்பரைக் காட்டி, சாட்டுக்குள்ள போய், மேலிருந்து கீழ வரைக்கும் ஒரே மூச்சுல ஸ்க்ரோல் பண்ணுங்க. நடுவுல எதையும் மறைக்கலைன்னு பார்க்கிறவருக்கே புரிஞ்சுடும்.

கால் லாக் எவ்வளவு தூரம் தாங்கும்?

கால் லாக் ஒரு விஷயத்தைத்தான் காட்டும்: இந்த நம்பர்ல இருந்து, இந்த நேரத்துக்கு, இத்தனை நிமிஷம் பேச்சு நடந்தது. என்ன பேசினீங்கன்னு அது சொல்லாது. போன்ல அது ரொம்ப நாள் தங்கவும் தங்காது. புது கால் சேரச் சேர பழசு தானாப் போயிடும். டெலிகாம் கம்பெனிகள் கால் பதிவுகளை ரெண்டு வருஷம் வைத்திருக்கணும்னு 2021 டிசம்பர்ல விதி மாறியிருக்கு. ஆனா உங்களுக்கு வர்ற விரிவான பில்லில் பொதுவா நீங்க செய்த கால்தான் இருக்கும், வந்த கால் இருக்காது. வாட்ஸ்அப் கால் அந்தப் பதிவுலேயே வராது. அதனால இன்கமிங் காலுக்கு உங்க போன்ல இருக்கிற லாக்தான் முதல் ஆதாரம். அன்னைக்கே படம் எடுத்துடுங்க.

பேசின விஷயத்தைப் பதிவாக்க ஒரே வழி, போனை வெச்ச உடனே ஒரு மெயில். நீளமா வேண்டாம், இவ்வளவு போதும்:

"இன்று 8.3.2025 காலை 11.20க்கு உங்கள் (நம்பர்) எண்ணிலிருந்து வந்த அழைப்பில் கோர்ஸை ரத்து செய்யச் சொன்னேன். ரத்து செய்வதாக உங்கள் ஊழியர் ஒப்புக்கொண்டார். இதில் மாற்றம் இருந்தால் பதில் அனுப்பவும்."

மெயிலோட நேரத்தை சர்வர் போடுது, நாம போடுறதில்லை. அதோட ஒரு காப்பி அவங்க இன்பாக்ஸ்லயும் உட்கார்ந்திருக்கும். என் நண்பன் 8ஆம் தேதியே இந்த மூணு வரியை எழுதியிருந்தா, 14ஆம் தேதி கதையே வந்திருக்காது.

கடைசியில் அவனைக் காப்பாத்தினது எது?

அழிக்கப்பட்ட அந்த மெசேஜை ஸ்வைப் செய்து, "ஓகே, ரீஃபண்ட் எப்போ வரும்?" என்று 12.05க்கு ரிப்ளை போட்டிருந்தான். மூல மெசேஜ் போயிடுச்சு. ஆனா ரிப்ளைக்கு மேல இருந்த மேற்கோள் பெட்டியில அந்த வரி அப்படியே நின்னுச்சு.

வாட்ஸ்அப்ல Export chat கொடுத்துப் பார்த்தோம். அந்த ஃபைல்ல ஒவ்வொரு வரிக்கும் தேதி, நேரம் இருக்கு, ஆனா மேற்கோள் பெட்டி வரல! அதனால எக்ஸ்போர்ட் இருக்கேன்னு நம்பி சாட்டை அழிச்சுடாதீங்க. அது வெறும் டெக்ஸ்ட் ஃபைல், யார் வேணும்னாலும் திருத்தலாம். போன்ல இருக்கிற சாட்தான் மூலம். இவன் நல்ல நேரம், போனை மாத்தியிருந்தாலும் பழசை ரீசெட் பண்ணாம டிராயர்ல போட்டு வெச்சிருந்தான். 8ஆம் தேதி கால் லாக்கும் அதுல இருந்தது. ரெண்டையும் ரெக்கார்ட் செய்து, வக்கீல் நோட்டீஸோட அனுப்பினான். கேஸ் வரைக்கும் போகாமலே கோர்ஸும் லோனும் ரத்தாச்சு.

கேஸ் போடணும்னா?

நுகர்வோர் ஆணையத்துல பிரச்சினை எழுந்து ரெண்டு வருஷத்துக்குள்ள புகார் கொடுக்கணும். நீங்க கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரைக்கும்னா ஃபீஸ் கிடையாது. விசாரணை பிரமாணப் பத்திரமும் ஆவணங்களும் வெச்சுத்தான் நடக்கும்.

டிஜிட்டல் ஆவணத்தோட பிரின்ட்டைக் கொடுக்கும்போது, பாரதிய சாட்சிய அதினியம் பிரிவு 63 சான்றிதழையும் சேர்ப்பது நல்லது. பழைய 65பி சான்றிதழுக்குப் பதிலா 2024 ஜூலை 1 முதல் வந்தது இது. ரெண்டு பகுதி: முதல் பகுதியை நீங்க நிரப்பணும், ரெண்டாவதை ஒரு நிபுணர். ஆணையங்கள் சாட்சியச் சட்டத்தை நீதிமன்றம் அளவுக்குக் கறாராப் பார்ப்பதில்லை. ஆனாலும் எதிர்த்தரப்பு "இது ஜோடிச்சது"ன்னு கிளம்பினா இந்தத் தாள் கை கொடுக்கும்.

அந்தப் படிவத்துல ஃபைலோட ஹாஷ் மதிப்பைக் கேட்பாங்க. அது ஃபைலோட கைரேகை மாதிரி. ஒரு எழுத்து மாறினாலும் மதிப்பு மாறிடும். விண்டோஸ்ல இப்படி எடுக்கலாம்:

```
certutil -hashfile chat.zip SHA256
```

ஃபைலை சேவ் செய்த அன்னைக்கே இந்த எண்ணை எடுத்து உங்களுக்கே மெயில் பண்ணிடுங்க. ஸ்க்ரீன்ஷாட்டை வாட்ஸ்அப்ல அனுப்பி சேமிக்காதீங்க, அது படத்தைச் சுருக்கி, படத்துக்குள்ள இருக்கிற தகவலையும் எடுத்துடும். மெயில் அட்டாச்மென்ட்டா அனுப்புங்க. வட்டம் போட்டு, அம்புக்குறி போட்டுக் காட்டணும்னா காப்பி எடுத்து அதுல போடுங்க, மூலப் படத்தைத் தொடாதீங்க.

இப்போ உங்களுக்கு ஏதாவது ரீஃபண்ட் பிரச்சினை ஓடிக்கிட்டிருந்தா, அந்த சாட்டை ஒருதடவை திறந்து Disappearing messages ஆன்ல இருக்கான்னு பாருங்க. இருந்தா, ஸ்க்ரீன் ரெக்கார்டிங்கை இன்னைக்கு ராத்திரியே எடுத்துடுங்க.