அவரைக்கொடி குச்சியைப் பிடித்த வாரம்

அவரைக்குப் பற்றுக்கம்பி கிடையாது. பாகல், புடலை, பட்டாணி போன்றவை நூல்போன்ற பற்றுக்கம்பியை நீட்டிப் பிடித்துக்கொண்டு ஏறும். அவரை தன் தண்டையே சுற்றிக்கொண்டு ஏறுகிறது. நீண்டு தொங்கும் இளங்கொழுந்தைத்தான் பலரும் பற்றுக்கம்பி என்று நினைத்துவிடுகிறார்கள். தொட்டியில் கொடி அவரை நட்ட ஒரு சிறுமியும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

முளைத்த புதிதில் செடி நேராகவே நின்றது. அடுத்து வந்த கணுவிடை மெலிந்து நீண்டு, நுனி சாய்ந்தது. அதிலிருந்து நான்கு விரல் தள்ளி, சுட்டுவிரல் பருமனில் ஒரு குச்சியை அவள் ஊன்றினாள்.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு நுனி சுவரைப் பார்த்து நின்றது. அரை மணிக்கு ஒருமுறை அது காட்டும் திசையைத் தொட்டி விளிம்பில் சாக்கட்டியால் குறித்து வந்தாள். ஒன்பதுக்கு அது வாசலைப் பார்த்தது. பத்து மணிவாக்கில் மறுபடி சுவருக்கே வந்துவிட்டது. காற்று அசைத்ததால் வந்த ஆட்டமல்ல அது. இளந்தண்டின் ஒரு பக்கம் மற்றப் பக்கத்தைவிட வேகமாக வளர்கிறது. அதனால் தண்டு எதிர்ப்பக்கம் வளைகிறது. வேகமாக வளரும் பக்கம் தண்டைச் சுற்றி இடம் மாறிக்கொண்டே போவதால் நுனியும் வட்டமிடுகிறது. 1865இல் சார்லஸ் டார்வின் ஏறுகொடிகளைப் பற்றி எழுதிய ஆய்விலும், பீன்ஸ் கொடி ஒரு சுற்று வர ஏறக்குறைய இரண்டு மணி நேரமே எடுத்தது.

திங்களன்று தண்டு குச்சியில் முட்டியது. முட்டிய இடம் நின்றுவிட, அதற்கு மேலிருந்த பகுதி மட்டும் வட்டத்தைத் தொடர்ந்தது. அப்படித் தொடர்வதுதான் சுற்று. ஆனால் குச்சியைச் சுற்றி வர, வெறும் இடத்தில் வட்டமிடுவதைவிட அதிக நேரம் பிடிக்கும். செவ்வாய் மாலைதான் ஒரு முழுச் சுற்று முடிந்தது.

புதனன்று சிறுமி அவசரப்பட்டு, கொழுந்தைக் கடிகார முள் போகும் திசையில் சுற்றி நூலால் கட்டினாள். வியாழன் பார்த்தபோது, கட்டுக்கு மேலே வளர்ந்த புதுத்தண்டு எதிர்த்திசையில் திரும்பியிருந்தது. மேலிருந்து பார்த்தால் அவரை எப்போதும் இடஞ்சுழியாகவே சுற்றும். வெயிலோ குச்சியோ அதை மாற்றுவதில்லை. அது இனத்தின் இயல்பு. கொடியைக் கையால் ஏற்றிவிடுகிறவர்கள் அந்தத் திசையறிந்து சுற்ற வேண்டும், நூலையும் தளர்வாகக் கட்ட வேண்டும். இறுக்கினால் இளந்தண்டு நசுங்கும். அவள் நூலை அறுத்துவிட்டாள்.

வெள்ளியும் சனியும் கீழ்ச்சுற்றுகளில் மாற்றம் தெரிந்தது. முதலில் தளர்வாக, படுத்தாற்போல இருந்த வளையங்கள் செங்குத்தாக நிமிர்ந்து குச்சியோடு ஒட்டின. தண்டு நிமிர முயல்வதால் இந்த இறுக்கம் வருகிறது. விரலால் மெல்லத் தள்ளினால் புதுச்சுற்று நழுவும், பழையது நகராது.

குச்சிக்குப் பதில் பருத்த தூணாக இருந்தால் கொடி திணறும். நுனி போடும் வட்டம் தூணை வளைக்கப் போதாமல் சரிந்து விழும். தூணையொட்டி ஒரு கயிறு கட்டிவிட்டால் அதைப் பிடித்து ஏறிவிடும்.