மதியிறுக்கம் உள்ள குழந்தையுடன் விடுமுறைப் பயணம்

ஆட்டிசம் எனப்படும் மதியிறுக்கம் உள்ள பல குழந்தைகளுக்கு ஒலி, ஒளி, மணம், தொடுதல் ஆகியவை மற்றவர்களைவிட மிகக் கூடுதலாகவோ மிகக் குறைவாகவோ உறைக்கின்றன. மிக்சி சத்தத்துக்குக் காதைப் பொத்தும் குழந்தை, கடல் இரைச்சலை மணிக்கணக்கில் ரசிக்கலாம். எனவே "அமைதியான ஊர்" என்பது எல்லாக் குழந்தைக்கும் ஒன்றல்ல. தன் குழந்தை எதைத் தாங்காது, எதை நாடும் என்று பெற்றோர் எழுதிவைத்துக்கொண்டு இடத்தைத் தேடுவது நல்லது.

சென்னையில் வசிக்கும் 7 வயதுச் சிறுவன் ஒருவனை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். ஒலிபெருக்கியும் நெரிசலும் அவனுக்கு ஆகாது. மணலும் நீரும் பிடிக்கும். மே மாத ஊட்டியைவிட, காலாண்டு விடுமுறையின் வார நாள்களில் தரங்கம்பாடி அவனுக்குப் பொருந்தும். 1620இல் டேனியர் கட்டிய டான்சுபோர்க் கோட்டையும் கடற்கரையும் அருகருகே இருப்பதால் அலைச்சல் குறைவு. ஆடி மாதத்தைத் தவிர்க்கலாம். கோயில் ஒலிபெருக்கிகள் விடியும் முன்பே தொடங்கிவிடும். விடுதிக்குத் தொலைபேசியில் கேட்க வேண்டியவை, கட்டடத்தில் கல்யாண மண்டபம் உண்டா, ஜெனரேட்டர் எந்தப் பக்கம், கடைசி அறை கிடைக்குமா என்பனவே. "அமைதியாக இருக்குமா?" என்று கேட்டால் எல்லா விடுதியும் ஆம் என்றுதான் சொல்லும்.

புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்து ரயில், அறை, கோட்டை ஆகியவற்றின் படங்களை வரிசையாக ஒட்டி நாள்தோறும் காட்டலாம். ஒவ்வொன்றும் முடிந்ததும் அந்தப் படத்தை எடுத்து உறையில் போட வேண்டும். அடுத்தது என்ன என்பதுடன், இப்போதையது எப்போது முடியும் என்பதும் அவனுக்குத் தெரிந்துவிடும். "மாற்றம்" என்ற அட்டை ஒன்றை வீட்டிலேயே இனிய மாறுதல்களோடு பழக்கினால், ரயில் தாமதமானாலும் அதையே காட்டலாம். சத்தம் குறைக்கும் காதுமூடியையும் முன்பே பழக்க வேண்டும். புதிதாக மாட்டினால் அதுவே தொல்லையாகும்.

முதல் நாள் பயணமும் அறையும் மட்டும். இரண்டாம் நாள் காலை 6 மணிக்குக் கடற்கரை, வெயில் ஏறுமுன் அறை, மதியம் வீட்டில் உண்ணும் அதே தயிர்சோறு, மாலை அரை மணி நேரம் கோட்டை. மூன்றாம் நாள் காலை அதே கடற்கரை, பிறகு ஊர் திரும்புதல். ஒரே இடத்துக்கு மறுபடி போவது பெரியவர்களுக்கு வீணாகத் தோன்றலாம். குழந்தைக்கோ இரண்டாம் முறைதான் பயமில்லாமல் விளையாட முடிகிறது.

முனகல் கூடுவது, கையை வேகமாக ஆட்டுவது, கூப்பிட்டால் திரும்பாதது ஆகியவை நெருக்கடி முற்றுவதன் அறிகுறிகள். அழுகை வெடிக்கும்வரை காத்திராமல் அப்போதே கிளம்ப வேண்டும். வெடித்துவிட்டால் பேச்சைக் குறைத்து, நிழலான ஓரத்தில் உடனிருப்பதே உதவும், கண்டிப்பு உதவாது.

இத்தகைய குழந்தைகள் சொல்லாமல் நழுவிப் போவதும் நீரை நோக்கி ஓடுவதும் அறியப்பட்ட ஆபத்து. கடலருகே பெரியவர் ஒருவர் கைக்கெட்டும் தொலைவில், வேறு வேலையின்றி நிற்க வேண்டும். கைப்பேசி எண் எழுதிய பட்டை அவன் மணிக்கட்டில் இருக்கட்டும். அறைக் கதவின் மேல்தாழ்ப்பாளை வந்தவுடன் சரிபார்த்துவிட வேண்டும்.