கணக்கும் நியாயமும் – 9: நஷ்ட ஈடு யாருக்கு?

இரண்டாம் உலகப் போரில் பிடிபட்டு இத்தாலியிலும் ஜெர்மனியிலும் கைதியாக இருந்த ஆர்.ஏ. ராட்ஃபோர்டு என்ற ஆங்கிலேயர், விடுதலையான கையோடு 1945-ல் ஒரு கட்டுரை எழுதினார். பொருளாதாரம் படித்தவர் என்பதால் முகாமில் அவர் கண் போனது பண்டமாற்றின் மேல். செஞ்சிலுவைச் சங்கம் அனுப்பும் பொட்டலம் ஆளுக்கு ஏறக்குறைய ஒரே அளவுதான்: டின் பால், ஜாம், வெண்ணெய், பிஸ்கட், இறைச்சி, கூடவே சிகரெட். ஆனால் எல்லோருக்கும் எல்லாமும் பிடிக்குமா? உருது தெரிந்த ஒருவர் சீக்கியக் கைதிகளிடம் போய் அவர்களுடைய இறைச்சியை வாங்கிக்கொண்டு வெண்ணெயும் ஜாமும் கொடுத்தார். அவர்களுக்கும் லாபம், இவருக்கும் லாபம்.

அதே கட்டுரையில் ஒரு பாதிரியார் வருகிறார். ஒரு டின் பாலாடைக்கட்டியும் ஐந்து சிகரெட்டும் எடுத்துக்கொண்டு முகாமைச் சுற்றக் கிளம்பியவர், கொண்டுபோனது குறையாமல், கூடவே ஒரு முழுப் பொட்டலத்தோடு திரும்பி வந்தாராம். இங்கே ஒரு விலை, அடுத்த கொட்டகையில் வேறு விலை என்று இருந்ததால்தான் அது முடிந்தது. அதாவது, இரு தரப்புக்கும் லாபம் தரக்கூடிய பேரங்கள் நடக்காமல் மிச்சம் கிடந்தன. உருதுக்காரரைப் பார்த்து மற்றவர்களும் அந்த வியாபாரத்தில் இறங்க, விலைகள் ஒன்றையொன்று நெருங்கின. இப்படிச் சுற்றி வந்து சம்பாதிக்க இனி எதுவுமில்லை, ஒருவர் கூடுதலாகப் பெறவேண்டுமானால் இன்னொருவர் இழந்தே ஆகவேண்டும் என்ற கட்டத்தைத்தான் பொருளாதாரத்தில் பரேட்டோ திறன் என்கிறார்கள். விரயம் ஏதும் மிச்சமில்லாத நிலை. வில்ஃப்ரெடோ பரேட்டோ இத்தாலியர். ரயில்வேயில் எஞ்சினியராக இருந்துவிட்டு, 1893-ல் சுவிட்சர்லாந்தின் லோசான் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியர் ஆனவர்.

இப்போது அந்த முகாமில் ஒரு சின்ன மாற்றம் செய்து பார்ப்போம். நூறு கைதிகளுக்கு வந்த நூறு பொட்டலங்களையும் ஒரே கைதியிடம் கொடுத்துவிடுகிறார் முகாம் அதிகாரி. மற்ற 99 பேரிடம் மாற்றிக்கொள்ள எதுவுமே இல்லை. இதுவும் பரேட்டோ திறன் உள்ள நிலைதான்! 99 பேரில் யாருக்கு ஒரு டின் போனாலும் அந்த ஒருவருக்கு ஒரு டின் குறையும், அவர் ஒப்பமாட்டார். ராட்ஃபோர்டின் முகாமில் பேரம் ஓரளவு நியாயமான இடத்தில் போய் நின்றதற்குக் காரணம், எல்லோரும் ஏறக்குறைய சமமான பொட்டலத்தோடு தொடங்கியதுதான். பேரம் விரயத்தைத் தீர்க்கும். யார் கையில் முதலில் என்ன இருந்தது என்று அது கேட்பதில்லை.

‘இது வெறும் கற்பனைக் கணக்கு’ என்று தோன்றினால், 1833-ல் லண்டன் நாடாளுமன்றம் போட்ட கணக்கைப் பார்க்கலாம்.

அப்போது கரீபியத் தீவுகள், கயானா, மொரீஷியஸ் ஆகிய பிரிட்டிஷ் காலனிகளில் ஏறத்தாழ எட்டு லட்சம் அடிமைகள் இருந்தார்கள். கரும்புத் தோட்ட முதலாளிக்குச் சட்டப்படி அடிமை ஒரு சொத்து. அவரை விடுவித்தால் முதலாளிக்கு நஷ்டம். எனவே பரேட்டோ அளவுகோலை வைத்துப் பார்த்தால் (அப்படி ஒரு அளவுகோல் அன்றைக்குப் பிறக்கவில்லை என்பது வேறு விஷயம்), ஈடு கொடுக்காத விடுதலை ‘யாருக்கும் கெடுதல் இல்லாத மாற்றம்’ என்ற பட்டியலில் சேராது.

சரி, அடிமையே பணம் கட்டித் தன்னை மீட்டுக்கொண்டால்? ஸ்பானியர் ஆண்ட கியூபாவில் தவணை கட்டி விடுதலை வாங்கும் வழக்கம் இருந்தது. ஆனால் கரும்புத் தோட்டத்தின் லாபமே, சாட்டைக்குப் பயந்து மனிதன் செய்யும் வேலையில் இருந்தது. சுதந்திரமான மனிதன் கூலிக்கு அப்படி உழைக்கமாட்டான். விடுதலைக்குப் பிறகு ஜமைக்காவில் பலர் தோட்டத்தை விட்டு வெளியேறித் துண்டு நிலத்தில் பயிர் வைக்கப் போனார்கள். சர்க்கரை உற்பத்தி சரிந்தது. ஆக, விடுதலை பெற்றவரின் சம்பாத்தியத்தைக் கொண்டு முதலாளியின் இழப்பை முழுக்க ஈடுகட்டுவது நடக்காத காரியம். இருவரும் மனமொப்பிக் கைகுலுக்கும் பேரம் அங்கே பெரும்பாலும் கிடையாது. அடிமை முறை, குரூரமான அர்த்தத்தில், திறன் உள்ள நிலையாகவே நிற்க முடிந்தது.

நாடாளுமன்றம் என்ன செய்தது? முதலாளிகளுக்கு இரண்டு கோடி பவுண்டு ஈடு என்று முடிவு செய்தது. அரசாங்கத்தின் ஓராண்டுச் செலவில் ஏறத்தாழ 40 சதவீதம். பெரும்பகுதி கடன்; அந்தக் கடன் பாக்கி முழுதாகத் தீர்ந்தது 2015-ல்தான். காலனிவாரியாக, 1822 முதல் 1830 வரை அடிமைகள் விற்ற விலையின் சராசரியைப் பிடித்துத் தலைக்கு இவ்வளவு என்று பிரித்தார்கள். ஆள் தட்டுப்பாடு இருந்த கயானாவில் சராசரியாகத் தலைக்கு ஐம்பது பவுண்டுக்கு மேல். ஜமைக்காவில் இருபதுக்கும் குறைவு. வயலில் இறங்குபவருக்கு ஒரு விலை, கங்காணிக்கு ஒரு விலை, கைக்குழந்தைக்கு ஒரு விலை.

மொத்த அடிமைகளின் மதிப்பு சுமார் நாலரைக் கோடி பவுண்டு என்று கணக்கானது. ரொக்கம் இரண்டு கோடிதான். மிச்சத்தில் ஒரு பங்கு எங்கிருந்து வந்தது தெரியுமா? அடிமைகளிடமிருந்தே. பெரும்பாலான காலனிகளில் 1834 ஆகஸ்ட் 1-ல் சட்டப்படி விடுதலை. ஆனால் ஆறு வயதுக்கு மேற்பட்டவர்கள் ‘பயிற்சித் தொழிலாளி’ என்ற பெயரில் அதே முதலாளிக்கு வாரம் 45 மணி நேரம் வரை சம்பளமில்லாமல் உழைக்கவேண்டும். வயல் வேலை செய்தவர்களுக்கு ஆறு ஆண்டு என்று எழுதியிருந்தது. எதிர்ப்பு வலுத்ததால் 1838-லேயே முடித்துக்கொண்டார்கள். விடுதலை பெற்றவர்களுக்கு ஒரு காசு ஈடு இல்லை.

இதில் யாரோ கணக்கில் தவறு செய்துவிட்டார்கள் என்று நினைக்கத் தோன்றும். கணக்கு சரிதான், அது தொடங்கிய இடம் அப்படி. ‘நஷ்டம்’ என்பதை எந்த நாளிலிருந்து அளப்பது? 1833-ல் யார் கையில் என்ன இருக்கிறது என்பதிலிருந்து அளந்தால் முதலாளிதான் இழக்கிறார். கப்பலில் ஏற்றப்பட்ட நாளிலிருந்து அளந்தால் ஈடு வாங்கவேண்டியவர் வேறு ஆள். பரேட்டோ அளவுகோல் எப்போதும் இன்றைய கைவசத்தையே அடித்தளமாக எடுத்துக்கொள்கிறது. அதனால் கையில் வைத்திருப்பவருக்கு ஒரு தடுப்பு வாக்கு தானாகவே கிடைத்துவிடுகிறது.

அளவுகோலைக் குறை சொல்லியும் பயனில்லை. அடிமை முறை இருக்கும் நிலை, அது ஒழிந்த நிலை இரண்டுமே அதன்படி திறன் உள்ளவையாக இருக்கலாம். இதா, அதா என்று கேட்டால் அது வாய் திறக்காது. ஒரு சமூகம் இந்த அர்த்தத்தில் உகந்ததாகவும், அதே சமயம் அருவருக்கத்தக்கதாகவும் இருக்கமுடியும் என்று அமர்த்தியா சென் 1970-லேயே எழுதினார். ‘இதை மாற்றினால் திறன் போய்விடும்’ என்று யாராவது சொன்னால், ஒரு திறன் நிலையிலிருந்து இன்னொன்றுக்குப் போவதால் என்ன விரயம், இழப்பவர் யார் என்று கேட்கவேண்டியிருக்கிறது. பெரும்பாலும் அங்கே திறனைப் பற்றிய கவலை இருக்காது. பங்கு குறைகிறதே என்ற கவலைதான் இருக்கும்.

ஈடு வாங்கியவர்களில் பெரிய ஆள்களில் ஒருவர் ஜான் கிளாட்ஸ்டோன், பிற்காலப் பிரதமரின் தந்தை. ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் வாங்கினார். பயிற்சிக் காலம் முடிந்தால் ஆள் கிடைக்காதே என்று 1836-ல் கல்கத்தாவில் இருந்த ஒரு கம்பெனிக்குக் கடிதம் எழுதினார். 1838 மே மாதம் ‘விட்பி’, ‘ஹெஸ்பரஸ்’ என்ற இரண்டு கப்பல்களில் சுமார் 400 இந்தியர்கள் கயானாவில் போய் இறங்கினார்கள். ஐந்து ஆண்டு ஒப்பந்தம். பிறகு சென்னையிலிருந்தும் கப்பல்கள் போயின.

பலருக்கு எங்கே போகிறோம் என்பதுகூடச் சரியாகச் சொல்லப்படவில்லை. ஆனால் எல்லாம் தெரிந்தே ஒருவர் கைநாட்டு வைத்திருந்தால்? ஊரில் அவருக்கு இருந்த வழிகளைவிட அந்த ஒப்பந்தம் மேல் என்று அவரே ஒப்பினார். முதலாளிக்கும் ஆள் கிடைத்தது. இரு தரப்புக்கும் லாபம். பரேட்டோவின் கணக்கில் அது சுத்தமான முன்னேற்றம்.

(தொடரும்)